ஸ்லைடிலேயே ஓர் அகல்விளக்கு: வடிவங்களைச் சேர்ப்பதும் வெட்டுவதும்

தீபாவளி நெருங்கினால் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆலய மண்டபங்களிலும் பவர்பாயிண்டில் அழைப்பிதழும் நிகழ்ச்சி நிரலும் தயாராகும். விளக்குப் படத்தைப் பெரும்பாலோர் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். திரையில் அது நன்றாகத்தான் இருக்கும். அதையே பேனருக்குப் பெரிதாக்கும்போது ஓரம் மங்கிவிடும். நிறப் பின்னணியில் வைத்தால் படத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் தெரியும். பவர்பாயிண்டில் உள்ள வட்டம், சதுரம் போன்றவற்றைக் கொண்டே விளக்கை வரைந்துகொண்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

இதற்கான கருவியின் பெயர் Merge Shapes. இரண்டு வடிவங்களைத் தேர்வு செய்ததும், மேலே தோன்றும் Shape Format பட்டியில் இடப்பக்கம் இது தெரியும். கணினியில் நிறுவப்பட்ட பவர்பாயிண்ட் 2013 முதல் இந்த வசதி அங்கேயே இருக்கிறது. இதில் ஐந்து கட்டளைகள் உள்ளன. அன்றாட வேலைக்கு இரண்டே போதும்: Union ஒன்றாகச் சேர்க்கும், Subtract வெட்டி எடுக்கும்.

முதலில் விளக்கின் கிண்ணம். Shift விசையை அழுத்தியபடி வரைந்தால் சரியான வட்டம் கிடைக்கும். அதன் அகலத்தையும் உயரத்தையும் 6 செ.மீ. ஆக்குங்கள். அடுத்து 7 செ.மீ. அகலமும் 3 செ.மீ. உயரமும் உள்ள செவ்வகம் ஒன்றை வரையுங்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து, Align பட்டியலில் Align Center, பிறகு Align Top கொடுத்தால், செவ்வகம் வட்டத்தின் மேல்பாதியைச் சரியாக மூடும்.

பலர் தடுமாறுவது அடுத்த படியில்தான். Subtract கட்டளை, முதலில் தேர்ந்தெடுத்த வடிவத்தை வைத்துக்கொண்டு பின்னால் தேர்ந்தெடுத்ததை வெட்டுக் கத்தியாகப் பயன்படுத்துகிறது. எனவே இரண்டின் தேர்வையும் ஒருமுறை நீக்கிவிட்டு, வட்டத்தை முதலில் சொடுக்கி, Shift அழுத்தியபடி செவ்வகத்தைச் சொடுக்க வேண்டும். இப்போது Subtract கொடுத்தால் கீழ்ப்பாதி வட்டம் மிஞ்சும். வரிசை மாறியிருந்தால் கிண்ணத்துக்குப் பதிலாக இரண்டு மூலைத் துண்டுகள் நிற்கும். அப்படி வந்தால் Ctrl+Z அழுத்திவிட்டு மறுபடி செய்யலாம். சுட்டியை இழுத்துக் கட்டம் போட்டு மொத்தமாகத் தேர்ந்தெடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. எது முதலாவது என்பது அப்போது நம் கையில் இருக்காது.

கிண்ணத்தின் உயரத்தை 2.2 செ.மீ. ஆகக் குறைத்தால் அகலின் தோற்றம் வந்துவிடும். அடிப்பாகத்துக்கு ஒரு சிறிய Trapezoid வடிவத்தைக் கிண்ணத்தின் கீழ் வைத்து, இரண்டையும் Union செய்யுங்கள். விளிம்போடு விளிம்பு தொட்டால் போதாது. அடிப்பாகம் கிண்ணத்துக்குள் சற்று நுழைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவே மெல்லிய கோடு போன்ற இடைவெளி தெரியக்கூடும்.

சுடருக்கு Teardrop வடிவம் பொருத்தம். வரைந்ததும் அதன் முனை வலப்பக்கம் சாய்ந்திருக்கும். Rotation கட்டத்தில் 315 என்று கொடுத்தால் நிமிர்ந்து நிற்கும். Ctrl+D அழுத்தி இன்னொரு சுடரை எடுத்து, சிறிதாக்கி, முதல் சுடரின் நடுவே வையுங்கள். பெரியதை முதலிலும் சிறியதை அடுத்தும் தேர்ந்தெடுத்து Subtract செய்தால், சுடரின் நடுவில் துளை விழும். வெள்ளை நிறம் பூசிய போலித் துளை அன்று இது. பின்னணி எந்த நிறமானாலும் அந்த நிறமே உள்ளே தெரியும்.

சுடரைக் கிண்ணத்தோடு Union செய்ய வேண்டாம். சேர்ந்த வடிவத்துக்கு ஒரே நிறம்தான், முதலில் தேர்ந்தெடுத்ததன் நிறம். கிண்ணம் பழுப்பாகவும் சுடர் மஞ்சளாகவும் இருக்க, இரண்டையும் Group மட்டும் செய்தால் போதும். ஆனால் Group செய்தவற்றை Merge Shapes ஏற்காது. மறுபடி வெட்ட வேண்டுமானால் முதலில் Ungroup செய்ய வேண்டும்.

எழுத்தையும் இப்படி வெட்டலாம். ஒரு புகைப்படத்தின் மேல் செவ்வகம் வைத்து, அதன்மேல் தடித்த எழுத்துருவில் ‘தீபாவளி’ என்று எழுதுங்கள். செவ்வகத்தை முதலிலும் எழுத்துப் பெட்டியை அடுத்தும் தேர்ந்தெடுத்து Subtract கொடுத்தால், எழுத்து வழியே புகைப்படம் தெரியும். அதன்பிறகு அது எழுத்தன்று, வெறும் வடிவம். பிழையிருந்தால் தட்டச்சு செய்து திருத்த முடியாது. அதனால் வெட்டுமுன் எழுத்துப் பிழை பார்த்து, அந்த ஸ்லைடுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை அச்செடுத்து அட்டையில் கத்தரித்துத் தொங்கவிட நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘வ’ போன்ற எழுத்தின் சுழிக்குள் இருக்கும் துண்டு திரையில் அப்படியே நிற்கும். அட்டையில் அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் கீழே விழுந்துவிடும். வெட்டுமுன் சுழியின் குறுக்கே போதுமான அகலத்தில் ஒரு வெட்டாத பட்டையை விட்டுவிட்டால் அந்தத் துண்டு நிலைத்து நிற்கும்.

விளக்கு முடிந்ததும் அதன்மேல் வலச்சொடுக்கு செய்து, Save as Picture மூலம் PNG கோப்பாகச் சேமிக்கலாம். சுற்றிலும் வெள்ளைக் கட்டம் வராது. பேனருக்குப் பெரிதாக்க வேண்டுமென்றால், படத்தைவிட அந்த பவர்பாயிண்ட் கோப்பையே அச்சகத்துக்குக் கொடுப்பது நல்லது. வடிவமாகவே இருக்கும்வரை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதன் ஓரம் மங்காது.