தண்ணீர் வடியாமல் நிற்கும் வாஷிங் மெஷின்

அலசல் முடிந்து துணி பிழிய வேண்டிய நேரத்தில் ஃபிரண்ட் லோடு மெஷின் நின்றுவிடுகிறது. கதவு திறக்க மறுக்கிறது. திரையில் எல்ஜி என்றால் OE, போஷ் என்றால் E18 என்று வருகிறது. தண்ணீர் வெளியேறவில்லை என்று அர்த்தம். மெக்கானிக்குக்கு போன் போடும் முன், மெஷினின் அடியில் ஒரு மூலையில் உள்ள சின்ன மூடியைத் திறந்து பாருங்கள். டிரெயின் பம்ப் ஃபில்டர் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழாயை மூடுங்கள். சுடுநீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். ஃபில்டரை உடனே திருகிவிடக் கூடாது. டிரம்மில் தேங்கிய தண்ணீர் முழுவதும் தரையில் கொட்டிவிடும். பல மெஷின்களில் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதை வெளியே இழுத்து, தட்டையான தாம்பாளத்தில் வைத்து, நுனி அடைப்பைக் கழற்றுங்கள். தட்டு நிரம்பும்போதெல்லாம் அடைப்பைப் போட்டுவிட்டுக் கொட்டி வர வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை இது ஒன்றுதான். குழாய் இல்லாத மாடலில், ஃபில்டரைக் கொஞ்சமாகத் தளர்த்தி, வழிவதைத் துணியாலும் தட்டாலும் பிடிக்கலாம்.

தண்ணீர் வடிந்ததும் ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி உருவுங்கள். சட்டைப் பையில் மறந்த சில்லறை, ஹேர்பின், பொத்தான், குழந்தையின் ஒற்றை சாக்ஸ் எல்லாம் அதில் சிக்கியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஃபில்டர் இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே பம்ப்பின் சிறு இறக்கை தெரியும். அதில் தலைமுடியோ நூலோ சுற்றியிருந்தால் எடுத்துவிட்டு, விரலால் சுழற்றிப் பாருங்கள். காந்தம் இருப்பதால் விட்டுவிட்டுத்தான் சுழலும், அது பழுதல்ல. அசையவே இல்லை என்றால்தான் இன்னும் ஏதோ சிக்கியிருக்கிறது.

ஃபில்டரின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, மரை கோணாமல் இறுக்கித் திருகுங்கள். டிரம்மில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, கசிவு இல்லையென்று உறுதியானபின் பிளக்கைச் செருகி, ஸ்பின் மட்டும் ஓட விடுங்கள்.

டாப் லோடு மெஷினில் வேலை சுலபம். பெரும்பாலும் டிரம்மின் உள்சுவரில் வலைப் பை மாட்டிய பஞ்சு ஃபில்டர் ஒன்று இருக்கும். மேலுள்ள கொக்கியை அழுத்திக் கழற்றி, பையை உள்வெளியாகத் திருப்பிக் குழாயடியில் பிடித்தால் பஞ்சு தானே உதிரும். போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து வலை விறைத்திருந்தால், அரை மணி நேரம் வினிகர் கலந்த நீரில் ஊற வையுங்கள். கிழிந்திருந்தால் தைக்காமல் புதிது மாற்றுவது நல்லது. தையல் பிரிந்தால் பஞ்சு மறுபடி துணியிலேயே ஒட்டும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் தண்ணீர் போகவில்லையா? மெஷினின் பின்னால் உள்ள டிரெயின் குழாய் சுவரோடு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்து, வடிக்கும் நேரத்தில் பம்ப் சத்தமே கேட்கவில்லை என்றால், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.