ஏப்ரல் 1 ஏன் தள்ளிப்போனது?

கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, கணக்கு என்று ஒரு கம்பெனியின் எல்லா வேலையையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவருவதுதான் இ.ஆர்.பி. பழைய மென்பொருளை மூடிவிட்டுப் புதியதில் பில் போடத் தொடங்கும் நாளுக்கு கோ-லைவ் என்று பெயர். அந்த நாள் தள்ளிப்போகும்போது ப்ராஜெக்ட் மேனேஜர் இயக்குநர்களுக்கு ஒரு மெயில் அனுப்புவார். "90 சதவீதம் முடிந்துவிட்டது; சில தரவுச் சிக்கல்கள் பாக்கி" என்கிற ரகம்தான் அதிகம். மிச்சம் 10 சதவீதத்துக்கு எதற்கு மூன்று மாதம் என்று இயக்குநர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் ஒத்திகைக்காகப் பழைய சரக்கிருப்பைப் புதிய மென்பொருளில் ஏற்றிப் பார்க்கிறார்கள். கணக்குப் புத்தகத்தைவிடச் சரக்கின் மதிப்பு 50 லட்ச ரூபாய்க்கு மேல் குறைகிறது. திருட்டு ஏதும் இல்லை. காயில் சுற்றும் செம்புக் கம்பியைக் கிடங்கில் ஸ்பூல் கணக்கில் எழுதிவந்திருக்கிறார்கள். புதிய மென்பொருளோ கிலோவில் கேட்கிறது. ஸ்பூலுக்கு 15 கிலோ வீதம் 400 ஸ்பூல் என்றால் 6,000 கிலோ. ஏறியதோ வெறும் 400 கிலோ. கிலோ 900 ரூபாய் என்றால் துண்டு விழுவது 50 லட்சத்து 40 ஆயிரம்.

இப்படியே தொடங்கினால், கம்பி தீர்ந்துவிட்டதென்று நினைத்து மென்பொருள் தானாகவே கொள்முதலுக்குப் பரிந்துரைக்கும். கிடங்கில் இடமிருக்காது, வங்கியில் பணமிருக்காது. இன்னும் எத்தனை பொருளில் இதே கோளாறு என்பது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். மெயிலின் முதல் பத்தியில் வரவேண்டியது இந்த ஒரு உதாரணம்தான்.

அவசரப்பட்டால் என்னவாகும் என்று கேட்பவருக்கு அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனியைக் காட்டலாம். 1999 ஜூலையில், ஹாலோவீன் விற்பனை நெருங்கும் நேரத்தில் புதிய மென்பொருளுக்கு மாறியது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாமல் திணறியது.

சரி, ஒரு வாரம் தள்ளினால் போதாதா? மாத நடுவில் மாறினால் அந்த மாத ஜி.எஸ்.டி. கணக்கு இரண்டு மென்பொருளில் பாதி பாதியாகக் கிடக்கும். மே ஒன்றாம் தேதி என்றால், கணக்குப் பிரிவு ஆண்டுக் கணக்கு முடிப்பதில் மூழ்கியிருக்கும். அதனால்தான் ஜூலை 1.

இவ்வளவையும் சொன்ன மெயில், கேட்க வேண்டியதையும் கேட்டாக வேண்டும்: "சரக்கை எண்ண இரண்டு நாள் கிடங்கை மூட அனுமதி தேவை. மென்பொருள் ஆலோசகர்களுக்கு மூன்று மாதக் கூடுதல் கட்டணம் ஆகும். ஜூன் மூன்றாம் வாரம் மறு ஒத்திகை. சரக்கு மதிப்பு கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் ஜூலை 1-உம் வேண்டாமென்று அன்றே எழுதுவேன்."