மூன்று நாள் நோட்டீஸும் முப்பது நாள் சட்டமும்

தெருவோர வியாபாரியை அவருக்கு ஒதுக்கிய இடத்திலிருந்து அகற்றவோ வேறு இடத்துக்கு மாற்றவோ வேண்டுமானால், முதலில் 30 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கும் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் 18-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நாள் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் அது முறையான நோட்டீஸ் ஆகிவிடாது. யாரை, எந்த இடத்திலிருந்து, என்ன காரணத்துக்காக, எந்தச் சட்டத்தின்படி அகற்றுகிறோம் என்பதும் அதில் தெரிய வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கதையை எடுத்துக்கொள்ளலாம். திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையில் தள்ளுவண்டியில் கொய்யா விற்கிறார் ஒரு பெண். ஆயக்குடியிலிருந்து காய் வரும். விடியற்காலையில் வாங்கி வந்து, மிளகாய்ப்பொடியும் உப்பும் தயாராக வைத்து, இரவு வரை நிற்பார். கணக்கெடுப்பில் பெயர் பதிவாகி, விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் அவரிடம் இருக்கின்றன. ஒரு நாள் மாலை வண்டிச் சக்கரத்தின் மேல் ஒரு தாளை வைத்துவிட்டுப் போகிறார்கள். ‘சாலையோர ஆக்கிரமிப்பாளர்களுக்கு’ என்று தொடங்கும் அந்தத் தாள், போக்குவரத்துக்கு இடையூறாக உள்ள ஆக்கிரமிப்பை 3 தினங்களுக்குள் தாங்களாகவே அகற்றிக்கொள்ள வேண்டும், தவறினால் அகற்றப்பட்டு அதற்கான செலவு வசூலிக்கப்படும் என்று சொல்கிறது. கையொப்பம் இருக்கிறது; தேதி இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

அவர் அதை எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகிறார். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டு சட்டம். அங்கே இருந்த தன்னார்வலர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, “அக்கா, இதுல உங்க பேரே இல்லையே” என்கிறார்.

பெயர் இல்லாதது சிறிய குறை போலத் தோன்றலாம். ஆனால் 18-வது பிரிவு பேசுவது ‘சான்றிதழில் குறிப்பிட்ட இடத்தை’ப் பற்றி. ஆகவே நோட்டீஸில் வியாபாரியின் பெயர், சான்றிதழ் எண், அந்த இடத்தின் அடையாளம் மூன்றும் இருந்தால்தான், அது தனக்கு வந்ததா, பக்கத்தில் சான்றிதழ் இல்லாமல் நிற்பவருக்கு வந்ததா என்று தெரியும். ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்ற பொதுச் சொல் இந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. சான்றிதழ் பெற்றவர் அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த இடத்தில் வியாபாரம் செய்ய அனுமதி உள்ளவர். அந்த இடத்தின் உரிமையாளர் அல்லர் என்பதையும் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

அடுத்தது காரணம். சான்றிதழ் வைத்திருப்பவரை அந்த இடத்திலிருந்து கிளப்ப, சட்டம் பெரும்பாலும் இரண்டு வழிகளையே திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, பொது நோக்கத்துக்காக அந்தப் பகுதியை விற்பனை இல்லாப் பகுதியாக அறிவித்து, வியாபாரிகளை வேறு இடத்துக்கு மாற்றுவது. இதற்கு நகர விற்பனைக் குழுவின் பரிந்துரை வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். இன்னொன்று, நிபந்தனையை மீறினார் அல்லது பொய்த் தகவல் தந்து வாங்கினார் என்று 10-வது பிரிவின்படி சான்றிதழையே ரத்து செய்வது. அதற்கு முன் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும். ரத்தானால் உள்ளாட்சி அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். கொய்யாக்காரப் பெண்ணின் தாளில் இந்த இரண்டில் எதுவும் இல்லை. ‘போக்குவரத்துக்கு இடையூறு’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது எந்த முடிவாக, எந்தக் குழுவின் பரிந்துரையாக மாறியது என்பதைத் தாள் சொல்லவில்லை.

காரணத்தை இப்போது எழுதாவிட்டால் என்ன, நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் நினைப்பதுண்டு. அது எளிதல்ல. மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1977-இல் சொன்னது இது: சட்டப்படியான ஓர் உத்தரவு, அதில் எழுதியுள்ள காரணங்களைக் கொண்டே எடைபோடப்படும், பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்த்து அதைக் காப்பாற்ற முடியாது. இதனால்தான் முதலில் வந்த தாளைக் கிழித்துப் போடாமல் வைத்திருப்பது அவசியம்.

நாள் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. அலுவலகத்தில் 1-ஆம் தேதி தட்டச்சான நோட்டீஸ் 12-ஆம் தேதி கைக்கு வந்தால், 30 நாள் 12-ஆம் தேதியிலிருந்துதான் ஓட வேண்டும். தட்டச்சான நாளிலிருந்து எண்ணினால் அவகாசம் 19 நாளாகச் சுருங்கிவிடும். ஆகவே தாள் வந்த தேதியை அதன் பின்புறம் உடனே எழுதி, பக்கத்துக் கடைக்காரர் ஒருவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது. நோட்டீஸை எந்த முறையில் கொடுப்பது என்பதை மாநில அரசின் திட்டத்துக்குச் சட்டம் விட்டிருக்கிறது. தமிழ்நாட்டுத் திட்டம் 2015-இல் வந்தது.

மாற்றிடம் பற்றியும் நோட்டீஸ் பேச வேண்டும். இடமாற்றத்தை இயன்றவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாதபோது பாதிக்கப்படுவோரையும் திட்டமிடலில் சேர்க்க வேண்டும் என்பது சட்டத்தின் அட்டவணையில் உள்ள நெறி. பேருந்தை விட்டு இறங்குபவரை நம்பி நிற்கும் கொய்யா வண்டிக்கு ஊர் எல்லையில் ஓர் இடம் தருவது பெயரளவு மாற்றிடமாகவே இருக்கும்.

சான்றிதழ் இல்லாதவர் நிலைமை வேறு. 30 நாள் விதி சான்றிதழில் உள்ள இடத்துக்கானது என்பதால், அதை அப்படியே அவர் கேட்க முடியாது. அவருக்கான கவசம் 3-வது பிரிவு: கணக்கெடுப்பு முடிந்து, எல்லா வியாபாரிகளுக்கும் சான்றிதழ் வழங்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. கணக்கெடுப்பு முறையாக நடந்ததா, தன் பெயர் விடுபட்டதா என்பதே அவர் எழுப்ப வேண்டிய கேள்வி. தினமும் கட்டும் தரைவாடகை ரசீது சான்றிதழ் ஆகாது. ஆனால் அங்கே எத்தனை காலமாகக் கடை போடுகிறார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் குறைவு. இன்னொரு வரம்பும் உண்டு: ரயில்வே நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. திண்டுக்கல் ரயில் நிலைய வளாகத்துக்குள் நிற்பவர் இதைக் காட்டிப் பயனில்லை.

இந்த விதிகளுக்கு அடியில் 1985-ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு இருக்கிறது. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்ந்த அந்த வழக்கின் மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து பிழைக்கப் போன நிலமற்ற கூலித்தொழிலாளி; 1981 ஜூலையில் குடிசையை இடித்து, அவரையும் குடும்பத்தையும் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். நோட்டீஸ் இல்லாமலே அகற்றலாம் என்று இடம் தந்த மாநகராட்சிச் சட்டப் பிரிவை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. ஆனால் நோட்டீஸும் விசாரணையும்தான் வழக்கமான நடைமுறை, அவை இல்லாமல் அகற்றுவது மிக அவசரமான சூழலுக்கே என்று விளக்கியது. வாழ்வாதாரத்தை உயிர் வாழும் உரிமையின் பகுதியாகவும் ஏற்றது.

கதையின் பெண் மூன்றாம் நாளுக்குள் ஆணையருக்கு ஒரு மனு எழுதுகிறார். சான்றிதழ் நகலை இணைத்து, எந்தப் பிரிவின்படி இந்த நோட்டீஸ், நகர விற்பனைக் குழு எப்போது பரிந்துரைத்தது, மாற்றிடம் எது என்று மூன்றே கேள்விகள். நேரில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குகிறார். பதில் வரும்முன் வண்டியைத் தூக்கினால், பறிமுதல் செய்த பொருள்களின் பட்டியலைக் கையொப்பத்துடன் கேட்கலாம். கொய்யா போன்ற அழுகும் பொருளை அவர் உரிமை கோரிய அன்றே, வண்டி போன்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள், உரிய கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு விடுவிக்க வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. அதற்கு மேல் குறைதீர்க்கும் குழுவும், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் இருக்கின்றன.

பெயர், சான்றிதழ் எண், காரணம், மாற்றிடம், 30 நாள் எல்லாம் எழுதிய நோட்டீஸ் பிறகு வந்தால் அது அவரைக் கட்டுப்படுத்தும். கெடு முடிந்தும் வண்டி அதே இடத்தில் நின்றால் நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்த அபராதம் பறிமுதல் செய்த பொருளின் மதிப்பைத் தாண்டக் கூடாது.