தஞ்சைப் பெரிய கோயிலை அடிமட்டத்தில் பார்ப்பது

தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் விமானத்தின் உச்சிக்குத்தான் போகும். ஏறத்தாழ 216 அடி உயரம். ஆனால் அன்றாட வாழ்க்கையின் கதைகள் இருப்பது கீழே, அடித்தளக் கற்களில்.

சுற்று கிழக்கே கேரளாந்தகன் திருவாசலில் தொடங்குகிறது. சேரரை வென்றதால் முதலாம் ராஜராஜனுக்கு வந்த பட்டம் அது. அடுத்தது ராஜராஜன் திருவாசல். அதையும் கடந்தால் பெரிய நந்தி; இது சோழர் காலத்ததன்று, பின்னால் நாயக்கர் காலத்தில் வந்தது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற பேச்சை இங்கேயே சோதித்துவிடலாம். வெயிலுள்ள மாலையில் நிழல் நந்தி இருக்கும் பக்கமாகத் தாராளமாக விழுகிறது. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்பதும் அப்படித்தான்; அது பல கற்களை இணைத்துக் கட்டியது.

விமானத்தை வலமாகச் சுற்றும்போது அடித்தளத்தின் பட்டைகளில் வரிவரியாக எழுத்துகள் தெரியும். அரசனும் அவன் அக்கை குந்தவையும் மற்றவர்களும் கொடுத்தவை எல்லாம் இங்கே கணக்காக வெட்டப்பட்டிருக்கின்றன. 1010இல் உச்சிக் கலசத்துக்குத் தந்த செம்புக் குடத்தின் எடைகூட விடுபடவில்லை.

இந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் ஒரு விளக்கின் கணக்கைப் பார்க்கலாம். ஓர் அணையா விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றை ஓர் இடையர் பெற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அளவில் தகராறு வராதபடி 'ஆடவல்லான்' என்ற கோயில் மரக்காலே அடிப்படை. ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை நிரப்பப்படும். அதனால்தான் கல்வெட்டுகளில் இவை 'சாவா மூவாப் பேராடு'.

திருச்சுற்று மதிலின் வடக்கு வெளிப்புறத்தில் இன்னொரு நீண்ட பட்டியல். பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், சொந்த ஊர், எந்தத் தெரு, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என எல்லாம் அதில் உண்டு. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பட்டங்களும் எண்களுமாகப் போகும் கல்வெட்டுகளுக்கு நடுவே, இது ஒரு நகரத்தின் வீட்டு விலாசப் புத்தகமாகவே படிக்கக் கிடைக்கிறது. பெருந்தச்சன் குஞ்சரமல்லன் ராஜராஜனின் பெயரும் இக்கோயில் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் கல்லைச் சுமந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எதுவும் கிடையாது.

விமானத்தின் வடபுறம் வந்தால் சண்டிகேசுவரர் சன்னதி. வருகிறவர்கள் இங்கே கைதட்டி, கோயில் சொத்து எதையும் கொண்டு போகவில்லை என்று காட்டிவிட்டு நகர்கிறார்கள். அந்தக் காலத்தில் இவர் பேரில்தான் கோயிலின் கொடுக்கல் வாங்கல் நடந்தது. ஊர்ச் சபைகள் இவரிடம் காசு கடன் வாங்கியதாகவே கல்வெட்டு எழுதுகிறது. வட்டி ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. சில ஊர்கள் வட்டியை நெல்லாக அளந்தன. முதலைத் திருப்பித் தரச் சொல்வதைவிட வட்டி தவறாமல் வருவதுதான் கோயிலுக்கு முக்கியம். பூசையும் விளக்கும் படையலும் அந்த வரவில்தான் நடந்தன.