திங்கள்தோறும் பழைய மார்க்

“அக்கா, மறுபடியும் 31 ஆயிடுச்சு!” என்றான் மூன்றாமாண்டு மாணவன். ரெக்கார்ட் நோட்டுக்கான 7 மதிப்பெண் கூட்டலில் விட்டுப்போயிருந்தது. வியாழக்கிழமை சார் போர்ட்டலில் 38 என்று திருத்தியதை லேப் அசிஸ்டன்ட் அக்காவே பார்த்திருந்தார். இருந்தும் எல்லோருக்கும் சார் மேல்தான் சந்தேகம்.

அக்கா அந்த மார்க்கின் மாற்றப் பதிவைத் திறந்தார். கடைசியாக மாற்றியது ஞாயிறு விடியற்காலை 2 மணிக்கு. பயனர் பெயர் `sync`. அந்த நேரத்தில் எந்த வாத்தியார் மார்க் போடுவார்?

துறையின் எக்செல் ஷீட்டிலிருந்து வாரம் ஒருமுறை மார்க்கை போர்ட்டலுக்கு நகலெடுக்கும் நிரல் அது. எது புதியது என்று ஒப்பிடாது. ஷீட்டில் இருப்பதை அப்படியே மேலே எழுதிவிடும். திருத்தியதோ போர்ட்டலில் மட்டும். ஷீட்டில் 31 அப்படியே கிடந்தது.

உறுதிசெய்ய, நிலுவையில் இருந்த இரண்டு திருத்தங்களில் ஒன்றை போர்ட்டலிலும் மற்றதை ஷீட்டிலும் போடச் சொன்னார். திங்களன்று ஷீட்டில் போட்டது மட்டும் நின்றது.

“இனிமே ஷீட்லயே திருத்துங்க சார்” என்றார். இதற்கு முன் அழிந்துபோன திருத்தங்கள்? `sync` மாற்றிய ஒவ்வொரு வரியிலும் முந்தைய மார்க் என்ன என்று பார்க்க ஆரம்பித்தார்.