உங்களுக்குத் தெரியுமா? ஒரே குடோன், இரண்டு லாபம்

மார்ச் 31 அன்று குடோனில் இருக்கும் சரக்கை எந்த விலைக்கு எழுதுகிறோமோ, அதைப் பொறுத்து அந்த ஆண்டின் லாபம் மாறும். லாபம் மாறினால் வரியும் மாறும். இந்திய வருமான வரி ஏற்கும் இரண்டு முக்கிய முறைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரு நூல் கடையின் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

விற்பனை ஒன்று, லாபம் இரண்டு

திருப்பூரில் ஒரு கூட்டாண்மை நிறுவனம் 30 கவுண்ட் நூல் வாங்கி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் கிலோ 240 ரூபாய்க்கு 1,000 கிலோ வாங்கியது. ஆகஸ்டில் 280 ரூபாய்க்கு 1,000 கிலோ, ஜனவரியில் 350 ரூபாய்க்கு 1,000 கிலோ. மொத்தக் கொள்முதல் 8,70,000 ரூபாய். ஆண்டு முடிவதற்குள் 2,000 கிலோவை 6,80,000 ரூபாய்க்கு விற்றுவிட்டது. மீதி 1,000 கிலோ.

‘முதலில் வந்தது முதலில் போகும்’ என்பது ஃபிஃபோ முறை. ஏப்ரல், ஆகஸ்ட் நூல் விற்றுப்போனதாகக் கொள்வதால், மிஞ்சிய நூலின் விலை 350 ரூபாய். இறுதி இருப்பு 3,50,000. லாபம் 1,60,000 ரூபாய்.

எடையிட்ட சராசரி முறையில் மொத்தத் தொகையை 3,000 கிலோவால் வகுக்கிறோம். கிலோவுக்கு 290 ரூபாய் வருகிறது. இறுதி இருப்பு 2,90,000. லாபம் 1,00,000 ரூபாய்.

வித்தியாசம் 60,000 ரூபாய். கூட்டாண்மை நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அதன்மேல் செஸ் 4 சதவீதம் என்று சேர்த்தால் 31.2 சதவீதம். ஆக, வரியில் மட்டும் 18,720 ரூபாய் வேறுபாடு. அந்த 60,000 ரூபாய் இன்னும் நூலாகத்தான் குடோனில் கிடக்கிறது. வரியையோ ரொக்கமாகக் கட்டியாக வேண்டும். விலை ஏறும் ஆண்டில் ஃபிஃபோ வைத்திருப்பவர்களுக்கு ரொக்கம் இறுகுவது இதனால்தான்.

அடுத்த ஆண்டு கணக்கு திரும்பிவிடும்

இந்த ஆண்டின் இறுதி இருப்புதான் அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பு. அடுத்த ஆண்டு புதிதாக எதுவும் வாங்காமல், மிஞ்சிய 1,000 கிலோவை 3,70,000 ரூபாய்க்கு விற்றதாகக் கொள்வோம். ஃபிஃபோவில் லாபம் 20,000 ரூபாய்தான். சராசரியில் 80,000 ரூபாய்.

இரண்டு ஆண்டையும் கூட்டினால் இரு முறையிலும் 1,80,000 ரூபாயே வருகிறது. சராசரி முறை வரியைத் தள்ளி வைக்கிறது, தள்ளுபடி செய்வதில்லை. நிறுவனத்துக்கு வரி விகிதம் இரு ஆண்டும் ஒன்றே என்பதால் ஓராண்டுக் காலத்துக்கு அந்த 18,720 ரூபாய் கையில் நிற்கிறது, அவ்வளவுதான். தனிநபர் வியாபாரியின் கதை வேறு. அவருக்கு வரி அடுக்கு முறையில் வருவதால், லாபம் எந்த ஆண்டில் விழுகிறதோ அந்த ஆண்டின் அடுக்கைப் பொறுத்து மொத்த வரியே கூடலாம், குறையலாம்.

பார்க்க வேண்டியது இடைவெளி எவ்வளவு வளர்ந்தது என்பதை

‘விலை ஏறினால் ஃபிஃபோவில் லாபம் கூடும்’ என்பார்கள். அது பாதி உண்மை. மேலே சொன்ன கடை, அடுத்த ஆண்டும் நூல் வாங்கி விற்று, இறுதியில் இரு முறைகளுக்கும் இடையே அதே 60,000 ரூபாய் இடைவெளியோடு கணக்கை முடித்தால், அந்த ஆண்டின் லாபம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். தொடக்கத்தில் இருந்த இடைவெளியும் முடிவில் இருக்கும் இடைவெளியும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

இறுதி இடைவெளி 90,000 ரூபாயானால், ஃபிஃபோவில் லாபம் 30,000 மட்டுமே கூடும். இடைவெளி சுருங்கினால், சராசரி முறையில்தான் லாபம் அதிகம். அதனால் உங்கள் கடைக்கு எவ்வளவு பாதிப்பு என்று அறிய, ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பை இரு முறையிலும் மதிப்பிட்டு இடைவெளிகளைக் கழித்துப் பாருங்கள். சரக்கு வந்த வேகத்தில் போய்விடும் கடையில் இது மிகச் சிறிய தொகையாகவே இருக்கும். மாதக்கணக்கில் சரக்கைத் தேக்கி வைப்பவர்களுக்குத்தான் இது பெரிதாகும்.

சந்தை விலை சரிந்தால் ஃபிஃபோவும் இறங்கி வரும்

அடக்க விலை, விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் இருப்பின் மதிப்பு. வருமான வரிக்கான கணக்கீட்டுத் தரங்களில் இரண்டாவது, சரக்கிருப்பைப் பற்றியது. அது சொல்லும் விதி இது.

நம் நூல் கடையில் மார்ச் 31 அன்று சந்தை சரிந்து, செலவு போகக் கிலோவுக்கு 300 ரூபாய்தான் நிற்கும் என்றால், ஃபிஃபோவின் 350 ரூபாய் 300-ஆக இறங்க வேண்டும். சராசரியின் 290 ரூபாய் அப்படியே இருக்கும். 60,000 ரூபாயாக இருந்த வித்தியாசம் 10,000-ஆகச் சுருங்கிவிடும். ஆண்டு முழுவதும் விலை இறங்கிக்கொண்டே வந்திருந்தால் சராசரி விலை சந்தை விலைக்கு மேலே நிற்கும். அப்போது இறங்கி வர வேண்டியது சராசரி.

இந்த ஒப்பீட்டைச் சரக்கு வாரியாகச் செய்ய வேண்டும். 30 கவுண்ட் நூலில் வந்த இறக்கத்தை 40 கவுண்ட் நூலில் வந்த ஏற்றத்தோடு சேர்த்துச் சமன் செய்யக் கூடாது.

சராசரியிலேயே இரண்டு வகை உண்டு

நாம் மேலே போட்டது ஆண்டு முழுவதற்குமான சராசரி. ஒவ்வொரு லோடு வரும்போதும் புதிதாகச் சராசரி எடுக்கும் முறையும் உண்டு. சூழ்நிலைக்கு ஏற்ப இரண்டையும் பின்பற்றலாம்.

ஏப்ரல் நூல் முழுவதும் ஆகஸ்ட் லோடு வருவதற்குள் விற்றுவிட்டது, ஆகஸ்ட் நூல் முழுவதும் ஜனவரி லோடு வருவதற்குள் விற்றுவிட்டது என்று கொள்ளுங்கள். ஜனவரி சரக்கு இறங்கும்போது குடோன் காலி. அப்போது லோடு வாரிச் சராசரியும் 350 ரூபாய்தான். ஃபிஃபோவுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ‘நாங்கள் சராசரி முறை’ என்று சொல்லும் இரண்டு கடைகள் ஒரே கொள்முதலுக்கு 2,90,000 என்றும் 3,50,000 என்றும் இருப்பு காட்டக்கூடும். எந்தச் சராசரி என்பதை எழுதி வைக்காவிட்டால், அடுத்த ஆண்டு கணக்கர் மாறும்போது முறையும் அவரை அறியாமல் மாறிவிடும்.

கடைசி பில் விலை ஃபிஃபோ ஆகாது

நிறையக் கடைகளில் நடக்கும் தவறு இது. மிஞ்சிய சரக்கு முழுவதையும் கடைசி பில்லில் உள்ள விலையால் பெருக்கிவிட்டு, அதை ஃபிஃபோ என்று எழுதுவார்கள். கடைசி பில்லில் வந்த அளவைவிட இருப்பு அதிகமாக இருந்தால் இது தப்பு.

இருப்பு 1,000 கிலோ. கடைசி பில்லில் வந்தது 350 ரூபாய் விலையில் 400 கிலோ மட்டும். அதற்கு முந்தைய பில் 280 ரூபாய் என்று கொள்வோம். ஃபிஃபோப்படி 400 கிலோவுக்கு 1,40,000, மீதி 600 கிலோவுக்கு 1,68,000, ஆக 3,08,000 ரூபாய். கடைசி விலையில் பெருக்கினால் 3,50,000. இல்லாத 42,000 ரூபாய் லாபத்துக்கு வரி கட்டுகிறோம்.

கண்டுபிடிப்பது எளிது. இருப்பு அளவை எடுத்துக்கொண்டு, கடைசி பில்லிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு பில்லின் அளவையும் கழித்துக்கொண்டே போங்கள். எந்த பில்லில் இருப்பு தீர்கிறதோ அதுவரையிலான விலைகள்தான் ஃபிஃபோ. டாலியில் கணக்கு வைப்பவர்கள், சரக்கின் Costing Method என்ற இடத்தில் Last Purchase Cost என்று இருக்கிறதா, FIFO என்று இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

பட்டியலில் இருக்கிறது, சட்டத்தில் இல்லை

டாலியின் அதே Costing Method இடத்தில் LIFO Annual, LIFO Perpetual என்ற தேர்வுகளும் தெரியும். ‘கடைசியில் வந்தது முதலில் போகும்’ என்ற இந்த முறையில், விலை ஏறும் ஆண்டில் இருப்பு பழைய மலிவு விலையில் நிற்கும், லாபம் இன்னும் குறையும். அமெரிக்காவில் இதற்கு வரிச் சட்டம் இடம் தருகிறது. இந்தியாவில் வரிக்கான கணக்கீட்டுத் தரம் இதை ஏற்பதில்லை. மென்பொருள் அனுமதிக்கிறது என்பதால் வரித்துறையும் அனுமதிக்கும் என்று நினைக்க வேண்டாம்.

ஆண்டுக்கு ஒரு முறை என்று மாற்ற முடியாது

விலை ஏறும் ஆண்டில் சராசரி, இறங்கும் ஆண்டில் ஃபிஃபோ என்று வசதிக்கு ஏற்ப மாற்றலாமா? கூடாது. ஏற்ற முறையை நியாயமான காரணமின்றி மாற்றக் கூடாது என்று தரமே சொல்கிறது. கணக்குத் தணிக்கைக்கு உட்பட்டவர்களின் வரித் தணிக்கை அறிக்கையில், இறுதி இருப்பை மதிப்பிட்ட முறையை ஆடிட்டர் எழுதியாக வேண்டும். போன ஆண்டு அறிக்கையும் இந்த ஆண்டு அறிக்கையும் அதிகாரியின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

லாபம் விற்பனையில்தான் பிறக்கிறது

இறுதி இருப்பை ஏன் கணக்கில் காட்டுகிறோம்? 1953-இல் சைன்ரூப் சம்பத்ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தீர்ப்பை எழுதியவர் அன்றைய தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. வெள்ளி வியாபாரம் செய்த ஒரு நிறுவனத்தின் வழக்கு அது. விற்காத சரக்குக்கான செலவை விற்ற சரக்கின் கணக்கிலிருந்து நீக்குவதற்காகவே இறுதி இருப்பு வரவு வைக்கப்படுகிறது; இருப்பின் விலை ஏற்றத்துக்கு வரி போடுவதற்காக அல்ல என்பது அதன் சாரம். ஃபிஃபோவில் வரும் 350 ரூபாயும் நாம் கொடுத்த அடக்க விலைதான். சந்தையில் நூல் 400 ரூபாய்க்குப் போனாலும் இருப்பை 400 என்று ஏற்றி எழுத வேண்டியதில்லை.

யாருக்கு இந்தக் கவலை இல்லை?

உத்தேச வருமானத் திட்டத்தில் கணக்குக் காட்டும் சிறு வியாபாரிக்கு, விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாகவும் டிஜிட்டலாகவும் வந்த தொகையில் 6 சதவீதம் லாபமாகக் கொள்ளப்படுகிறது. அங்கே இறுதி இருப்பை எந்த முறையில் மதிப்பிட்டாலும் வரி மாறாது. ஆனால் விற்பனை வரம்பைத் தாண்டி முழுக் கணக்குக்கு மாறும் முதல் ஆண்டில், தொடக்க இருப்பு என்ன என்ற கேள்வி வந்து நிற்கும். அந்த எண் குறைவாக இருந்தால் முதல் ஆண்டு லாபம் அந்த அளவுக்கு உயரும். வரம்பை நெருங்கும் கடைக்காரர், அதற்கு முந்தைய மார்ச் 31 அன்றே சரக்கை எண்ணி, கொள்முதல் பில்களோடு சேர்த்து, முறையைக் குறித்துக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.