விடுதி அறை ஒப்பந்தத்தைச் சுருக்கி எழுதுதல்: வீட்டு விதிகள், முன்னறிவிப்பு, முன்பணம்

சுங்கை சிப்புட் போன்ற வட்டாரங்களின் முன்னாள் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்கும், துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் 2007 முதல் இயங்கிவரும் கம்பாருக்கும் படிக்கச் செல்லும் மாணவர்கள், தனியார் விடுதியிலோ வாடகை அறையிலோ சேரும்போது ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகின்றனர். வீட்டு வாடகைக்கென மலேசியாவில் தனிச் சட்டம் இன்னும் இல்லாததால், தகராறு எழுந்தால் அந்த ஒப்பந்த வாசகமும் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமுமே பெரிதும் துணை நிற்கின்றன. ஆகவே முன்பணத்துக்குப் பொறுப்பேற்கும் பெற்றோரும் புரிந்துகொள்ளும்படி, ஒப்பந்தத்தை ஒரு பக்கத் தமிழில் சுருக்கி எழுதுவது, பின்னர் எழக்கூடிய இழப்பை முன்கூட்டியே கண்டறியும் வழியாகும்.

வீட்டு விதிகளைச் சுருக்கும்போது, விருந்தினர் நேரம், சமையல், குளிர்சாதனப் பயன்பாடு ஆகியவற்றில் எது அனுமதி, எது தடை என்று மட்டும் எழுதினால் போதாது. மீறினால் அபராதம் எவ்வளவு, அது முன்பணத்திலிருந்து கழிக்கப்படுமா, எத்தனை முறை மீறினால் வெளியேற்றப்படுவர் என்பதும் ஒவ்வொரு விதிக்கும் எதிரே வர வேண்டும். விதிகளை நிர்வாகம் விருப்பப்படி மாற்றலாம் என்ற வாசகம் இருந்தால், கையொப்பமிட்ட பிறகு புதிய அபராதங்கள் சேரக்கூடும் என்பதால், அன்றைய விதிப் பட்டியலைத் தேதியிட்டு ஒப்பந்தத்துடன் இணைக்கும்படி கேட்பது பாதுகாப்பானது.

அடுத்து வரும் முன்னறிவிப்பு என்ற பகுதியே மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒப்பந்தக் காலம் என்பது அறையை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்ட மொத்த மாதங்கள்; முன்னறிவிப்புக் காலம் என்பது வெளியேறும் முடிவை எத்தனை நாள் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது. பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் இரண்டு மாத முன்னறிவிப்பு என்று எழுதியிருந்தால், எப்போது வேண்டுமானாலும் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டு விலகலாம் என்று மாணவர் எண்ணக்கூடும். ஆனால் இடையில் விலகும் உரிமையை ஒப்பந்தம் தனியே தராவிட்டால், அந்த அறிவிப்பு, ஒப்பந்தக் காலம் முடியும்போது புதுப்பிக்கப்போவதில்லை என்று தெரிவிப்பதற்கு மட்டுமே பயன்படும். தொழிற்பயிற்சிக்காக வேறு ஊருக்குச் செல்ல வேண்டிய மாணவர், அந்த மாதத்தைக் குறிப்பிட்டு இடைவிலகல் உரிமையை முதலிலேயே எழுத்தில் பெற வேண்டும்.

முன்பணத்தின் கதி ஒப்பந்தம் எவ்வாறு முடிந்தது என்பதைப் பொறுத்தது. காலத்தை நிறைவுசெய்து முறைப்படி அறிவித்து வெளியேறியவரிடம், ஒப்பந்தம் வேறு கழிவுகளை அனுமதிக்காவிட்டால், கட்டணப் பாக்கியும் இயல்பான தேய்மானத்துக்கு மேற்பட்ட சேதமும் மட்டுமே கழிக்கத் தக்கவை. நுழைந்த நாளிலேயே எடுத்த படங்கள் இந்த வேறுபாட்டை மெய்ப்பிக்கும். அத்தகைய உரிமையின்றி இடையில் விலகுவது ஒப்பந்த மீறலாவதால், அங்கே ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு பொருந்துகிறது. அப்பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகையை உச்ச வரம்பாகக் கொண்டு நியாயமான இழப்பீடு மட்டுமே பெறலாம். 1995ஆம் ஆண்டுச் செல்வகுமார் வழக்கில் இழப்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு பாதிக்கப்பட்டவர்மீது சுமத்தப்பட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கிலோ, தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவருடையது என்று கூட்டரசு நீதிமன்றம் கூறியது.

எடுத்துக்காட்டாக, மாத வாடகை 400 ரிங்கிட், முன்பணம் 800 ரிங்கிட், காலம் பன்னிரண்டு மாதம் என்ற ஒப்பந்தத்தில் எட்டாம் மாத முடிவில் மாணவி வெளியேறுகிறார் என்று கொள்வோம். எஞ்சிய நான்கு மாதமும் அறை காலியாகக் கிடந்தால், 800 ரிங்கிட்டைப் பறிப்பது நியாயமென்றே கருதப்படக்கூடும். அரை மாதத்திலேயே வேறொருவர் அதே வாடகைக்குக் குடியேறிவிட்டால், உரிமையாளரின் வாடகை இழப்பு 200 ரிங்கிட்தான் என்று வாதிட்டு எஞ்சியதைக் கோரலாம். இதற்கு, அறை மீண்டும் வாடகைக்கு விடப்பட்ட விளம்பரப் படமும் தேதியும் மாணவியின் கையில் இருக்க வேண்டும்.

பணம் திரும்பாவிட்டால், தொகையையும் கெடுவையும் குறிப்பிட்டு முதலில் எழுத்துவழிக் கோரிக்கை அனுப்ப வேண்டும். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நிலம் சார்ந்த உரிமைகளுக்குப் பொதுவாகப் பொருந்தாததால், வாடகைத் தகராற்றைப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் ஏற்காமல் போகலாம்; 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையில், 198ஆம் எண் படிவத்தில், வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். முத்திரை வரி செலுத்தப்படாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்கத் தடை உண்டு என்பதால், முத்திரையிட்ட நகலைக் கையொப்பத்தின் போதே கேட்டு வாங்குவதும், சுருக்கத்தில் விடையின்றி நிற்கும் கேள்விக்குக் கையொப்பத்துக்கு முன்பே எழுத்தில் விடை பெறுவதும் மாணவரின் கையில் உள்ளவை. சாவியைப் பெற்ற பிறகு அதே திருத்தத்தைக் கேட்க அவருக்குப் பேரம்பேசும் வலு இராது.